ஸ்க்ரோலிங் வரி ஒன்றில் யார், என்ன, எங்கே: சுருக்கி எழுதும் முறை

தொலைக்காட்சித் திரையின் அடியில் வலமிருந்து இடமாக ஓடும் செய்தி வரியை, செய்தி அறையில் ஸ்க்ரோலிங் என்றே சொல்கிறோம். மாவட்டச் செய்தியாளர் கைப்பேசியில் அனுப்பும் 70, 80 சொல் தகவலை ஒரே வரியாக்கி அந்தப் பட்டையில் ஏற்றுவது டெஸ்கில் இருக்கும் உதவி ஆசிரியரின் வேலை. அந்த ஒரு வரியைப் படித்தவருக்கு யாருக்கு நடந்தது, என்ன நடந்தது, எங்கே நடந்தது என்ற மூன்றும் தெரிந்துவிட வேண்டும். விபத்துச் செய்தி ஒன்றை முதல் தகவலிலிருந்து ஒளிபரப்பான வரி வரை கொண்டுபோய் அந்த வேலையை இங்கே விளக்குகிறேன். விபத்து, மாதிரிக்காக நான் எழுதிக்கொண்டது. ஊர்களும் சாலையும் உண்மையானவை.

நாளிதழ்த் தலைப்பைச் சுருக்கத் தெரிந்தவர்கூட ஸ்க்ரோலிங் வரியில் தடுமாறுவதற்குக் காரணம் தமிழ் வாக்கியத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. தமிழில் என்ன நடந்தது என்பதைச் சொல்லும் சொல் வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. தாளில் கண் ஒரே பார்வையில் கடைசிச் சொல்லுக்குத் தாவிவிடும். ஓடும் வரியிலோ கடைசிச் சொல் கடைசியாகத்தான் திரைக்குள் நுழைகிறது, அது நுழையும்போது முதல் சொல் இடது ஓரத்தை நெருங்கிவிடுகிறது. வரி நீண்டுவிட்டால், "உயிரிழப்பு" என்ற சொல் தெரியும் நேரத்தில் ஊர்ப் பெயர் மறைந்து போயிருக்கும். அப்போது பார்வையாளர் யாரோ எங்கேயோ இறந்துவிட்டார்கள் என்று மட்டும் தெரிந்துகொண்டு, ஊர்ப் பெயருக்காக வரி மறுபடி வரும்வரை காத்திருப்பார். ஆகவே முதல் சொல்லும் கடைசிச் சொல்லும் சிறிது நேரமாவது திரையில் ஒன்றாக நிற்க வேண்டும். கீழே சொல்லும் எல்லாமே இந்த ஒரு தேவையிலிருந்து வருபவைதாம்.

முதலில் பட்டையை அளந்துகொள்ளுங்கள்

எழுதத் தொடங்குமுன் உங்கள் அலைவரிசையின் பட்டையில் எத்தனை எழுத்து கொள்ளும் என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஒளிபரப்பாகும் திரையைப் படம் பிடித்து, பட்டையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை எத்தனை எழுத்துகளும் இடைவெளிகளும் இருக்கின்றன என்று விரலால் எண்ணுங்கள். நேரம் காட்டும் பெட்டியோ சின்னமோ மறைக்கும் பகுதியைச் சேர்க்கக் கூடாது. எழுத்து ஒவ்வொன்றையும் இடைவெளி ஒவ்வொன்றையும் ஒரு கட்டம் என்று வைத்துக்கொள்வோம். தமிழ் எழுத்துகள் ஒரே அகலம் உடையவை அல்ல, "ர" ஒல்லியானது, "ணை" பருத்தது. ஆனால் ஒரு முழு வரியில் இந்த வேறுபாடு பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும் என்பதால், நான்கைந்து படங்களில் எண்ணிச் சராசரி எடுத்தால் போதும்.

1920 பிக்சல் அகலமுள்ள திரையில் ஒரு கட்டத்துக்கு ஏறத்தாழ 32 பிக்சல் பிடிக்கும் எழுத்துரு என்றால், பட்டையில் 60 கட்டம் கொள்ளும். வரி 60 கட்டம் இருந்தால் அது பட்டையை நிறைத்துவிடும், ஆனால் முழு வரியும் ஒரு கணம் மட்டுமே தெரியும், அடுத்த கணமே முதல் எழுத்து வெளியேறத் தொடங்கிவிடும். ஒரு ஃப்ரேமுக்கு 8 பிக்சல் நகர்கிறது, நொடிக்கு 25 ஃப்ரேம் என்றால், வரி நொடிக்கு 200 பிக்சல் ஓடுகிறது. வரியை 50 கட்டத்துக்குள் வைத்துக்கொண்டால் 10 கட்டம், அதாவது 320 பிக்சல் மிஞ்சும். அது 1.6 நொடி. அந்த 1.6 நொடியில்தான் ஊரும் ஆளும் நிகழ்வும் ஒன்றாகத் திரையில் நிற்கின்றன. எனவே பட்டையின் அகலத்தில் ஆறில் ஒரு பங்கைக் கழித்துக் கிடைப்பதே வரியின் உச்ச அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வரி நீண்டுவிட்டால் ஓட்டத்தின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாமே என்று சிலர் கேட்பதுண்டு. வேகத்தைக் குறைத்தாலும் 64 கட்ட வரி 60 கட்டப் பட்டையில் ஒருபோதும் முழுமையாகத் தெரியாது. மெதுவாக ஓடும் நீண்ட வரி மெதுவாகவே தலையை இழக்கும், அவ்வளவுதான். அதோடு சுற்றும் நீண்டுவிடும். 50 கட்ட வரிகள் 20, ஒவ்வொன்றுக்கும் இடையே சின்னத்துக்காக 5 கட்டம் என்றால், மேற்சொன்ன வேகத்தில் ஒரு சுற்று முடிய ஏறத்தாழ 3 நிமிடம் ஆகிறது. ஒரு வரியின் தொடக்கத்தைத் தவறவிட்டவர் அதை மறுபடி பார்க்க அத்தனை நேரம் காத்திருக்க வேண்டியிருக்கும்.

எண்ணும்போது ஓர் எச்சரிக்கை. கணினியின் எழுத்து எண்ணிக்கையை நம்பாதீர்கள். யுனிகோடில் உயிர்மெய்யின் குறியும் புள்ளியும் தனித்தனியாகக் கணக்கிடப்படுகின்றன. "பேருந்து" என்ற சொல்லில் நம் கண்ணுக்கு 4 எழுத்து, கணினிக்கு 8. கணினி காட்டும் எண்ணை வைத்து வரியை வெட்டினால் தேவையில்லாமல் நல்ல சொற்களை இழப்பீர்கள். சொற்களை எண்ணுவதும் சரியான அளவுகோல் ஆகாது. "லாரி மீது மோதி" மூன்று சொல், "மருத்துவமனையில்" ஒரே சொல். இடைவெளியை விட்டுவிட்டுப் பார்த்தால் முதலாவதில் 6 எழுத்து, இரண்டாவதில் 9.

செய்தியாளர் அனுப்பிய தகவல்

இப்போது மாதிரித் தகவலுக்கு வருவோம். இது போன்ற நடையில்தான் பெரும்பாலும் வந்து சேரும்:

"சேலம் மாவட்டம் ஆத்தூரை அடுத்த தலைவாசல் அருகே சேலம் – உளுந்தூர்பேட்டை தேசிய நெடுஞ்சாலையில் இன்று அதிகாலை சுமார் 4.30 மணியளவில், சென்னையிலிருந்து கோவை நோக்கிச் சென்றுகொண்டிருந்த தனியார் ஆம்னி பேருந்து ஒன்று, சாலையோரம் நிறுத்தி வைக்கப்பட்டிருந்த மரம் ஏற்றிய லாரியின் பின்புறத்தில் எதிர்பாராத விதமாக மோதி விபத்துக்குள்ளானது. இதில் பேருந்தின் ஓட்டுநர் மற்றும் முன் இருக்கையில் பயணம் செய்த பெண் ஆகிய இருவர் சம்பவ இடத்திலேயே பரிதாபமாக உயிரிழந்தனர். படுகாயமடைந்த 11 பேர் ஆத்தூர் அரசு மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டுள்ளனர். விபத்து குறித்து போலீசார் வழக்குப் பதிவு செய்து விசாரணை மேற்கொண்டு வருகின்றனர்."

இதைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாக நீக்கிச் சுருக்கத் தொடங்குவதுதான் பொதுவான தவறு. அப்படிச் செய்தால் செய்தியாளரின் வாக்கிய அமைப்பு அப்படியே எலும்புக்கூடாக நிற்கும், 64 கட்டத்துக்குக் கீழே இறங்காது. நானும் தொடக்கத்தில் அப்படித்தான் செய்து இப்படியொரு வரியில் வந்து நின்றிருப்பேன்:

"சேலம் மாவட்டம் தலைவாசல் அருகே நின்ற லாரி மீது ஆம்னி பேருந்து மோதி 2 பேர் உயிரிழப்பு, 11 பேர் காயம்"

எண்ணிப் பாருங்கள், சரியாக 64. மேலே அளந்த பட்டையில் இது முழுதாக ஒருபோதும் தெரியாது. "காயம்" நுழையும்போது "சேலம்" போய்விட்டிருக்கும்.

கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கி எழுதுங்கள்

தகவலை இரண்டு முறை படித்துவிட்டு மூடிவிடுங்கள். பிறகு வெற்றிடத்தில் கடைசிச் சொல்லை முதலில் எழுதுங்கள். இந்தச் செய்தியில் விபத்து நடந்தது என்பதைவிட இருவர் இறந்தது பெரியது, ஆகவே கடைசிச் சொல் "உயிரிழப்பு". விபத்தில் யாரும் இறக்காமல் 11 பேர் காயமடைந்திருந்தால் கடைசிச் சொல் "காயம்" ஆகியிருக்கும். கடைசிச் சொல் எது என்று முடிவு செய்யத் தடுமாறினால், செய்தி எது என்பதே இன்னும் முடிவாகவில்லை என்று பொருள்.

"உயிரிழந்தனர்" என்ற வினைமுற்றை "உயிரிழப்பு" என்ற பெயராக்குவது தலைப்புத் தமிழின் இயல்பு. அதனால் 2 கட்டம் மிச்சமாகிறது என்பதோடு, பால், எண் விகுதிகளின் தொல்லையும் இல்லை. "பலி" என்று எழுதினால் மேலும் 4 கட்டம் மிச்சமாகும், பல அலைவரிசைகளில் அதுவே வழக்கம். சாலையில் இறந்த ஒருவரைப் பலி என்று எழுத எனக்கு மனம் வருவதில்லை, அந்த 4 கட்டத்தை வேறிடத்தில் மிச்சப்படுத்திக்கொள்வேன். உங்கள் அலைவரிசையின் நடைக் கையேடு ஒன்றைச் சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

அடுத்து, கடைசிச் சொல்லுக்கு நேர் முன்னால் யார் என்பதை வையுங்கள். "2 பேர் உயிரிழப்பு". "இருவர்" என்று எழுதினாலும் "2 பேர்" என்று எழுதினாலும் இடைவெளி உட்பட 4 கட்டம்தான், ஆனால் ஓடும் எழுத்துகளுக்கு நடுவில் எண் உடனே கண்ணில் படும். இனி, "2 பேர்" என்பது யார் என்ற கேள்விக்கு உண்மையில் பதில் சொல்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஓட்டுநரும் ஒரு பெண் பயணியும் என்று தகவலில் இருக்கிறது. அதைச் சேர்த்து இப்படி எழுதலாம்: "லாரி மீது ஆம்னி பேருந்து மோதி ஓட்டுநர், பெண் பயணி உயிரிழப்பு". ஆனால் இதில் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. இறந்தவர் எந்த வண்டியின் ஓட்டுநர்? லாரிக்கும் ஓட்டுநர் உண்டு. தகவலைப் படித்த உங்களுக்குத் தெரியும், வரியை மட்டும் படிப்பவருக்குத் தெரியாது. "பேருந்து ஓட்டுநர்" என்று விளக்கப் போனால் பேருந்து இரண்டு முறை வந்து வரி நீண்டுவிடும்.

இந்த இடத்தில் வரி யாருக்காக ஓடுகிறது என்று நினைத்துப் பார்ப்பது உதவும். அதிகாலை ஐந்தரை மணிக்கு இதைப் பார்ப்பவர்களில், முந்தைய இரவு தம் வீட்டுப் பிள்ளையைச் சென்னையில் பேருந்து ஏற்றிவிட்டவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு முதலில் தெரிய வேண்டியது அது எந்தப் பேருந்து என்பதே. ஆகவே "ஓட்டுநர், பெண் பயணி" என்பதைவிடக் "கோவை சென்ற ஆம்னி பேருந்து" என்பது யார் என்ற கேள்விக்கு மேலான பதில். அது எதிர்த்திசையில் போன பேருந்து அன்று என்பதையும் அந்தச் சொற்களே சொல்லிவிடுகின்றன. இறந்தவர்களின் பெயர் உறுதியானதும் அது செய்தி அறிக்கையில் வரும், ஸ்க்ரோலிங்கில் பொதுவாழ்வில் இல்லாதவரின் பெயர் படிப்பவருக்கு எதையும் அடையாளம் காட்டாது.

ஊரை எப்படிச் சொல்வது

ஊர் வரியின் தொடக்கத்தில் வர வேண்டும். தம் ஊர்ப் பெயரைக் கண்டவர்தான் மீதி வரிக்காகக் காத்திருப்பார். ஆனால் எந்த ஊர்? "சேலம் அருகே" என்று எழுதினால் 7 கட்டத்தில் முடிந்துவிடும், ஆனால் பொய்யாகிவிடும், ஏனென்றால் தலைவாசல் சேலம் நகரிலிருந்து 60 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கிறது. "ஆத்தூர் அருகே" என்றால் வேறு தொல்லை. சேலம் மாவட்டத்தில் ஓர் ஆத்தூர், திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் ஆத்தூர், தூத்துக்குடி மாவட்டத்தில் இன்னோர் ஆத்தூர். திருப்பத்தூரும் அப்படித்தான், 2019இல் வேலூரிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான திருப்பத்தூர் ஒன்று, சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர் மற்றொன்று. தலைவாசல் என்று மட்டும் எழுதினால் சேலத்துக்காரருக்குப் புரியும், நாகர்கோவிலில் இருப்பவருக்குப் புரியாது.

இதற்கு நான் கையாளும் வழி, மாவட்டத் தலைநகரின் பெயரையும் நிகழ்ந்த ஊரின் பெயரையும் அடுத்தடுத்து வைத்து "மாவட்டம்" என்ற சொல்லை விட்டுவிடுவது: "சேலம் தலைவாசல் அருகே". "மாவட்டம்" என்ற சொல்லும் அதன் இடைவெளியும் சேர்ந்து 6 கட்டம் தின்கின்றன, புதிதாக எதையும் சொல்வதில்லை. "அருகே" என்பதை மட்டும் எளிதில் நீக்காதீர்கள். "தலைவாசலில்" என்று எழுதினால் 3 கட்டம் மிச்சமாகும், ஆனால் விபத்து ஊருக்கு வெளியே நெடுஞ்சாலையில் நடந்திருக்கிறது. அந்த 3 கட்டத்துக்காக இடத்தை மாற்றுவது சரியல்ல.

ஊரைத் தொடக்கத்தில் வைக்கக் கூடாத சந்தர்ப்பமும் உண்டு. வரியில் இரண்டு ஊர்களோ இரண்டு வினைகளோ வரும்போது, முதலில் வரும் ஊர் தனக்கு அடுத்து வரும் வினையோடு ஒட்டிக்கொள்ளும். "சென்னையில் தங்கம் கடத்திய மலேசிய பயணி கைது" என்ற வரியைப் பாருங்கள். கைது சென்னையில் நடந்தது என்று சொல்ல எழுதியது, தங்கத்தைச் சென்னைக்குள்ளேயே கடத்தினார் என்று படிக்கப்படுகிறது. "மலேசியாவிலிருந்து தங்கம் கடத்திய பயணி சென்னையில் கைது" என்று ஊரைக் கடைசிச் சொல்லுக்கு அருகே கொண்டுவந்தால் ஐயம் தீர்ந்துவிடும்.

சேர்த்துப் பாருங்கள்

இப்போது கையில் இருக்கும் மூன்று துண்டுகளையும் இணைக்கும் வினையெச்சம் ஒன்று போதும், அது "மோதி". வரி இவ்வாறு அமைகிறது:

"சேலம் தலைவாசல் அருகே கோவை சென்ற ஆம்னி பேருந்து லாரி மீது மோதி 2 பேர் உயிரிழப்பு"

38 எழுத்து, 12 இடைவெளி, மொத்தம் 50 கட்டம். சொற்கள் 13 இருக்கின்றன, ஆனால் பெரும்பாலானவை இரண்டு மூன்று எழுத்துச் சொற்கள் என்பதால் கண் எளிதாகத் தொடர்கிறது.

எவற்றை விட்டோம் என்று ஒருமுறை திரும்பிப் பார்ப்பது நல்லது. "எதிர்பாராத விதமாக", "பரிதாபமாக", "சம்பவ இடத்திலேயே" ஆகியவை செய்தியாளரின் கைப்பழக்கம், செய்தி அல்ல. "போலீசார் விசாரணை" எந்த விபத்துக்கும் நடப்பது. லாரி நின்றுகொண்டிருந்தது, மரம் ஏற்றியிருந்தது ஆகியவை எப்படி என்ற கேள்விக்குரியவை, அவற்றுக்குச் செய்தி அறிக்கை இருக்கிறது. "இன்று அதிகாலை" என்பதை நீக்கியதற்கு வேறு காரணம் உண்டு. ஸ்க்ரோலிங் வரி மணிக்கணக்கில் சுற்றுகிறது, நள்ளிரவு தாண்டியதும் "இன்று" பொய்யாகிவிடும், அதை மாற்ற யாருக்கும் நினைவிருக்காது. நாள் முக்கியமான செய்தியென்றால் தேதியையே எழுதுங்கள்.

ஒன்றை மட்டும் செய்தியாளரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். "பேருந்து லாரி மீது மோதி" என்றால் மோதியது பேருந்து என்று நாம் சொல்லிவிட்டோம். எது எதன் மீது மோதியது என்று தெளிவாகாத நிலையில் "பேருந்து – லாரி மோதலில்" என்று பொதுவாக எழுதுவதே சரி.

காயமடைந்த 11 பேரை முதல் வரியில் திணிக்காமல் தனி வரியாக்குங்கள்: "தலைவாசல் பேருந்து விபத்து: 11 பேர் ஆத்தூர் அரசு மருத்துவமனையில் அனுமதி". இது 46 கட்டம். "காயமடைந்த" என்ற சொல் தேவையில்லை, விபத்துக்குப் பின் மருத்துவமனையில் அனுமதி என்றாலே காயம் என்று புரியும். உறவினர் எங்கே ஓட வேண்டும் என்பதை இந்த வரி சொல்கிறது. இரண்டாவது வரியை "இந்த விபத்தில்" என்று தொடங்கக் கூடாது என்பதையும் கவனியுங்கள். முந்தைய வரியைப் பார்க்காதவர் இருப்பார், அடுக்கில் இடையே வேறு வரி புகுந்துவிடவும் கூடும். ஒவ்வொரு வரியும் தன் காலில் நிற்க வேண்டும்.

வெட்டக் கூடாத எழுத்துகள்

சுருக்கும்போது கை முதலில் போவது வேற்றுமை உருபின் மீதுதான். அஃறிணையில் "ஐ" உருபை நீக்குவது தமிழில் இயல்பாகவே இருப்பது, "நகை பறித்த 2 பேர் கைது" என்பதில் யாருக்கும் குழப்பம் வராது. நகை எதையும் பறிக்காது. ஆனால் செயலைச் செய்தவரும் செயலுக்கு ஆளானவரும் மனிதர்களாக இருந்தால், அந்த ஓர் உருபு போவது செய்தியைத் தலைகீழாக்கிவிடும்.

"போலீசாரைத் தாக்கிய இளைஞர் மருத்துவமனையில் அனுமதி"

"போலீசார் தாக்கிய இளைஞர் மருத்துவமனையில் அனுமதி"

இரண்டுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு கட்டம். முதல் வரியில் அடித்தவர் இளைஞர், இரண்டாவதில் அடி வாங்கியவர் இளைஞர். பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஓர் அலைவரிசையில், இதே போன்ற வரி ஒன்றில் இடம் போதவில்லை என்று உருபை எடுத்தவன் நான். இலக்கணப்படி இரண்டுமே பிழையற்றவை என்பதால் சரிபார்த்தவர் கண்ணிலும் அது படவில்லை. ஏறத்தாழ 40 நிமிடம் அது ஓடிக்கொண்டிருந்தது, அந்த இளைஞரின் வீட்டிலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்த பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து, மனிதருக்கும் மனிதருக்கும் இடையே நடந்த எந்தச் செயலிலும் உருபைத் தொடுவதில்லை. வரி நீளமாக இருந்தால் வேறு சொல்லை எடுப்பேன். மேலே உள்ள வரியில் "மருத்துவமனையில் அனுமதி" என்பதற்குப் பதில் "காயம்" என்றாலே போதுமா என்று பார்க்கலாம்.

இதே கண்ணோடு வல்லின ஒற்றையும் பாருங்கள். "போலீசாரைத் தாக்கிய" என்பதில் உள்ள "த்", வேகமாக ஓடும் வரியில் "ஐ" உருபைக் கண்ணுக்கு உறுதிப்படுத்தும் அடையாளம். ஒற்று ஒவ்வொன்றையும் இடத்தைத் தின்பதாக நினைத்து நீக்கும் பழக்கம் பரவியிருக்கிறது, ஆனால் உருபுக்குப் பின் வரும் ஒற்றாவது நிற்க வேண்டும்.

வெட்டக் கூடாத மற்றொன்று, சொல்லப்படுவது குற்றச்சாட்டு என்று காட்டும் சொல். "மனைவியைக் கொன்ற கணவர் கைது" என்பது 17 கட்டம். கைது செய்யப்பட்டவர் கொன்றார் என்று நீதிமன்றம் இன்னும் சொல்லவில்லை, நாம் சொல்லிவிட்டோம். "மனைவி கொலை வழக்கில் கணவர் கைது" என்பது 20 கட்டம். 3 கட்டத்தில் அந்தத் தவறு தவிர்க்கப்படுகிறது. இதுபோலவே ஒரு கட்சித் தலைவர் மற்றவர் மீது சொல்லும் புகாரில் "குற்றச்சாட்டு", "புகார்" என்ற சொல்தான் வரியின் கடைசிச் சொல்லாக இருக்க வேண்டும், அதை எடுத்துவிட்டால் அவருடைய சொல் நம்முடைய செய்தியாகிவிடும்.

மூன்றையும் சொல்லக் கூடாத வரி

யார், எங்கே என்ற இரண்டையும் வேண்டுமென்றே மங்கலாக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களில், போக்சோ சட்டம் 2012இன் 23ஆம் பிரிவு, குழந்தையின் பெயர், முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம் என அடையாளம் காட்டக்கூடிய எதையும் ஊடகம் வெளியிடக் கூடாது என்கிறது. பெயரைத்தானே எழுதவில்லை என்று நினைப்பது போதாது. குழந்தைக்கு உறவினரான ஒருவர் கைதாகும்போது அவர் பெயரையும் சிற்றூரின் பெயரையும் எழுதினால், அந்த ஊரில் அனைவருக்கும் அது எந்தக் குழந்தை என்று தெரிந்துவிடும். ஆகவே அந்த வரியில் உறவையும் பெயரையும் விட்டு, ஊரை மாவட்ட அளவில் நிறுத்துங்கள்: "சேலம் மாவட்டத்தில் போக்சோ வழக்கில் ஒருவர் கைது". வேறு இடங்களில் தேவையற்றது என்று நான் நீக்கச் சொன்ன "மாவட்டம்", இங்கே தேவைப்படுகிறது. நிகழ்ந்தது சேலம் நகரில் என்று யாரும் எண்ணிவிடாமல் அது காக்கிறது.

ஏற்றுவதற்கு முன்னும் பின்னும்

வரியை எழுதியதும் அதன் முதல் மூன்று சொற்களைக் கையால் மறைத்துக்கொண்டு படியுங்கள். பாதியில் பார்க்கத் தொடங்குபவரின் நிலை அதுதான். நம் மாதிரி வரியில் மீதமிருப்பது "கோவை சென்ற ஆம்னி பேருந்து லாரி மீது மோதி 2 பேர் உயிரிழப்பு". ஊர் தெரியவில்லை, ஆனால் நடந்தது முழுதாகவும் பிழையில்லாமலும் தெரிகிறது. மறைத்த பின் மிஞ்சுவது வேறு ஒரு செய்தியாகப் படிக்கப்பட்டால் வரியைத் திருத்த வேண்டும். எடுத்துக்காட்டாக, "அமைச்சர் வீட்டில் திருடிய" என்று தொடங்கும் வரி, தலையை இழந்தாலும் "திருடிய நபர் கைது" என்று சரியாகவே நிற்கும். "ஊழல் புகாரை மறுத்த" என்பது தலையை இழந்து "மறுத்த அமைச்சர்" என்று மட்டும் நின்றால் எதை மறுத்தார் என்று தெரியாது.

அடுத்து, அடுக்கில் இந்த வரிக்கு முன்னும் பின்னும் இருப்பவற்றைப் பாருங்கள். இடையே அலைவரிசையின் சின்னம் வரவில்லையென்றால், "கைது" என்று முடியும் வரியும் "முதல்வர்" என்று தொடங்கும் வரியும் ஒன்றாகிவிடும். சின்னம் இருந்தாலும், சாவுச் செய்திக்கு அடுத்து வாழ்த்துச் செய்தி வராதபடி இடத்தை மாற்றிவிடுவது என் வழக்கம்.

விபத்து, வெள்ளம், தீ போன்ற செய்திகளில் எண்ணிக்கை மாறிக்கொண்டே இருக்கும். காயமடைந்தவர்களில் ஒருவர் பிற்பகலில் மருத்துவமனையில் இறந்துவிட்டால், "3 பேர் உயிரிழப்பு" என்று புதிய வரி எழுதி ஏற்றுவதோடு நிறுத்திவிடுவார்கள். பழைய வரி அடுக்கின் நடுவில் அப்படியே கிடக்கும். ஒரே சுற்றில் 2 என்றும் 3 என்றும் ஓடும்போது, பார்ப்பவர் இரண்டு விபத்துகள் என்று நினைப்பார். இதைத் தவிர்க்க, புதிய வரியைச் சேர்க்காதீர்கள், பழைய வரியையே திறந்து எண்ணை மட்டும் மாற்றுங்கள். காயம் பற்றிய இரண்டாவது வரியில் 11 என்பதை 10 ஆக்குவதையும் அதே கையோடு செய்துவிடுங்கள். பிறகு அடுக்கில் "தலைவாசல்" என்று தேடி, அந்தப் பெயர் இரண்டே வரிகளில் இருக்கிறதா என்று பார்த்து, ஒளிபரப்புத் திரையில் அந்த இரண்டு வரிகளும் ஒருமுறை முழுதாக ஓடி முடியும்வரை எழுந்திருக்காமல் இருங்கள்.